தூங்கப் போகும் முன் பார்க்க மெதுவான படங்கள்: கனமான கதையில் சிக்காமல் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி: தூங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் அமைதியான, மெதுவான படம் ஏதாவது பார்க்கலாம் என்று நினைக்கிறேன். "தியானம் போன்ற படம்" என்று பலரும் சொல்வதை நம்பிப் போட்டால், பாதிக்கு மேல் சாவு, பிரிவு, அழுகை என்று போய்விடுகிறது. அதன்பிறகு தூக்கமே வருவதில்லை. கனமான கதைக்குள் இழுத்துப் போகாத மெதுவான படங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

பரிந்துரைப் பட்டியல்கள் பெரும்பாலும் படத்தின் வேகத்தை மட்டுமே பார்த்துத் தொகுக்கப்படுகின்றன. ஷாட்டுகள் நீளமாக இருந்து, வசனம் குறைவாக இருந்து, கேமராவும் அதிகம் அசையாமல் இருந்துவிட்டால் அந்தப் படம் "தியானம் போன்றது" என்ற வரிசையில் சேர்ந்துவிடுகிறது. அந்தப் படம் எவ்வளவு பாரத்தைப் பார்ப்பவர் தலையில் இறக்கிவைக்கிறது என்பதை அந்தப் பட்டியல் கணக்கில் எடுப்பதே இல்லை. உலக சினிமாவின் மிக மெதுவான படங்கள் சில மிகக் கொடூரமானவையும்கூட என்பதால், வேகத்தை மட்டும் நம்பித் தேர்ந்தெடுப்பவர் நீங்கள் சொல்லும் நிலைக்கே திரும்பத் திரும்ப வந்து சேருவார்.

தூங்கப் போகும் நேரத்துக்கு வேகத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, படம் நம்மிடம் ஏதாவது ஒரு கேள்வியை எழுப்பிவிட்டு அதற்கு விடை சொல்லாமல் வைத்திருக்கிறதா என்பதைத்தான். அவர் ஊர் போய்ச் சேருவாரா, அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது, அந்தப் பெண் ஏன் பேசுவதில்லை என்பது போன்ற ஒரு கேள்வி உள்ளே புகுந்துவிட்டால், திரையில் பத்து நிமிடம் மழை மட்டுமே பெய்துகொண்டிருந்தாலும் மனம் காத்துக்கொண்டுதான் இருக்கும். காத்திருக்கும் மனம் தூங்காது. எனவே ஓர் இலக்கை நோக்கி நகரும் கதைகளைக் காட்டிலும், நாள், வாரம், பருவம் என்று சுற்றிச் சுற்றி வரும் அமைப்புள்ள படங்கள் இரவுக்கு நன்றாகப் பொருந்துகின்றன. நாளைக்கும் இதே வேலை, இதே தெரு, இதே மேசைதான் என்று தெரிந்துவிட்டால், அடுத்து என்ன என்று கேட்பதை மனம் தானாகவே விட்டுவிடுகிறது.

ஆனால் சுழற்சி மட்டும் இருந்துவிட்டால் போதாது என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். அதற்கு இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது உதவும். முடிவுகளை வெளிப்படையாகவே சொல்லப் போகிறேன்; தூக்கத்துக்காகப் பார்க்கும் படத்தில் முடிவு முன்கூட்டியே தெரிந்திருப்பது நஷ்டம் ஆகாது, மாறாக அதுதான் பாதி வேலையை முடித்துத் தருகிறது.

முதலாவது, ஷாந்தல் ஆக்கர்மான் 1975இல் எடுத்த "ஜான் டீல்மான்". 201 நிமிடம் ஓடும் இந்தப் படம், 2022இல் "சைட் அண்ட் சவுண்ட்" இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பெற்ற பிறகு, மெதுவான படங்கள் என்ற எந்தப் பட்டியலை எடுத்தாலும் உச்சியில் வந்து நிற்கிறது. பிரஸ்ஸல்ஸ் நகரில் மகனுடன் வாழும் ஒரு விதவையின் மூன்று நாட்கள்தான் கதை: உருளைக்கிழங்கு தோலுரிப்பது, பாத்திரம் கழுவுவது, கட்டிலை விரிப்பது, அறையை விட்டு வெளியேறும்போதெல்லாம் விளக்கை அணைப்பது. பிற்பகலில் வீட்டுக்கு வரும் வாடிக்கையாளர்களிடம் பணம் பெற்றுக்கொள்வதும் அந்த அன்றாட ஒழுங்கின் ஒரு பகுதிதான். முதல் நாளைப் பார்க்கும் யாரும் இதைவிட அமைதியான படம் இருக்க முடியாது என்றுதான் நினைப்பார்கள். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. அந்தப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் அந்தக் கணத்திலிருந்து, ஒவ்வொரு சின்னத் தவறும் பார்ப்பவரின் வயிற்றில் ஒரு முடிச்சாக விழுகிறது. மூன்றாம் நாள் அவர் ஒரு வாடிக்கையாளரைக் கத்தரிக்கோலால் குத்திக் கொன்றுவிடுகிறார். மிகப் பெரிய படம் என்பதில் சந்தேகமே இல்லை. இரவு பத்து மணிக்குப் பார்க்க வேண்டிய படம் அல்ல என்பதிலும் சந்தேகம் இல்லை.

இரண்டாவது, ஜிம் ஜார்முஷ் 2016இல் எடுத்த "பாட்டர்சன்". இதுவும் அன்றாட ஒழுங்கைப் பற்றியதுதான். ஒரு பேருந்து ஓட்டுநர் காலையில் எழுகிறார், கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், வேலைக்குப் போகிறார், பயணிகள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டுகிறார், இடைவேளையில் ஒரு குறிப்பேட்டில் கவிதை எழுதுகிறார், மாலையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறார், மதுக்கூடத்தில் ஒரு கோப்பை பியர் குடித்துவிட்டு வீடு திரும்புகிறார். திங்கள் தொடங்கி ஒரு வாரம் இப்படியே போகிறது. இந்தப் படத்திலும் ஒழுங்கு குலைகிறது: பேருந்து நடுவழியில் நின்றுபோகிறது, மதுக்கூடத்தில் ஒருவர் துப்பாக்கியை நீட்டுகிறார், கடைசியில் நாய் அந்தக் குறிப்பேட்டையே கிழித்துப் போடுகிறது. ஆனால் பேருந்து நின்றால் பயணிகள் இறங்கி வேறு வண்டியில் ஏறிக்கொள்கிறார்கள், துப்பாக்கி பொம்மை என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது, குறிப்பேடு போன மறுநாள் வழிப்போக்கர் ஒருவர் எழுதப்படாத புதுக் குறிப்பேடு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரு காட்சியில் எழும் கலக்கம் அந்தக் காட்சிக்குள்ளேயோ அடுத்த நாளிலேயோ தீர்ந்துவிடுகிறது. எதுவும் சேர்ந்துகொண்டே போவதில்லை.

நீங்கள் தேட வேண்டிய வேறுபாடு இதுதான். ஒழுங்கு குலையும்போது படம் அதை ஒரு நிகழ்வாக நடத்திவிட்டுக் கடந்துபோகிறதா, அல்லது பின்னால் வரப்போகும் பெரிய இடிவுக்கு முதல் விரிசலாக வைக்கிறதா? முதல் வகையில் சிறு சோகங்கள் இருந்தாலும் பிரச்சினையில்லை. இரண்டாவது வகையில் ஒரு சொட்டு ரத்தம்கூடக் காட்டப்படாவிட்டாலும் தூக்கம் போய்விடும்.

இதனால் இயக்குநரின் பெயரை வைத்து மட்டும் தேர்ந்தெடுப்பதும் சரிப்படாது. யசுஜிரோ ஓசுவின் படங்கள் என்றாலே தாழ்வாக வைக்கப்பட்ட, அசையாத கேமரா, ஆளில்லாத தாழ்வாரம், கொடியில் உலரும் துணி, தூரத்தில் போகும் ரயில் என்று ஒரே நிதானம்தான் நினைவுக்கு வரும். அவருடைய மிகப் புகழ்பெற்ற படமான "டோக்கியோ ஸ்டோரி" (1953) பிள்ளைகளால் பாரமாகப் பார்க்கப்படும் வயதான பெற்றோரைப் பற்றியது. கடைசிப் பகுதியில் தாய் இறந்துபோகிறார், அதன்பிறகு நடக்கும் உரையாடல்கள் பல நாட்களுக்கு மனத்தில் கிடந்து உறுத்தும். அதே ஓசு 1959இல் வண்ணத்தில் எடுத்த "குட் மார்னிங்" படத்தில், தொலைக்காட்சிப் பெட்டி வாங்கித் தராததால் இரண்டு சிறுவர்கள் பேசுவதையே நிறுத்திக்கொள்கிறார்கள். அக்கம்பக்கத்துப் பெண்களிடையே சந்தாப் பணம் குறித்து ஒரு தவறான புரிதல், பையன்கள் குசு விட்டுப் பழகும் போட்டி, காணாமல் போன பிள்ளைகள் அன்று இரவே கிடைத்துவிடுவது என்று ஒன்றரை மணி நேரம் போகிறது. கேமராவும் நிதானமும் இரண்டிலும் ஒன்றுதான். பாரம் மட்டும் முற்றிலும் வேறு. ஓசுவைத் தூங்கும் முன் பார்க்க விரும்புபவர்கள் புகழின் வரிசையில் போகாமல் இந்தப் படத்திலிருந்து தொடங்குவது நல்லது.

இனி ஒரு படத்தை முன்கூட்டியே எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம். விம் வெண்டர்ஸ் 2023இல் எடுத்த "பெர்ஃபெக்ட் டேஸ்" படத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இப்போது இந்த வகையில் மிக அதிகமாகப் பரிந்துரைக்கப்படுவது அதுதான். பரிந்துரை பாதி சரி, பாதி தவறு.

முன்னோட்டத்தையோ இரண்டு வரி அறிமுகத்தையோ படித்தால் உங்களுக்குக் கிடைப்பது இவ்வளவுதான்: டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஹிராயமா என்பவர் எளிமையாக, மகிழ்ச்சியாக வாழ்கிறார். இது படத்தின் முதல் பாதிக்கு முழுக்க உண்மை. விடியலில் தெருப் பெருக்கும் ஓசை கேட்டுக் கண்விழிப்பது, படுக்கையை மடித்துவைப்பது, செடிகளுக்கு நீர் தெளிப்பது, தானியங்கி இயந்திரத்தில் காபி எடுத்துக்கொண்டு வேனில் ஏறுவது, கேசட்டில் பழைய பாட்டு, மதியம் மரத்தின் கிளைகளுக்கிடையே விழும் வெயிலைப் புகைப்படம் எடுப்பது என்று நாட்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இரவுக்காகவே எடுத்தது போலிருக்கும். ஆனால் அறிமுக வரிகள் எந்தப் படத்துக்கும் முதல் பாதியோடு நின்றுவிடும். கனம் ஏறுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். எனவே அறிமுகத்தை விட்டுவிட்டு, விக்கிப்பீடியாவில் அந்தப் படத்தின் பக்கத்தைத் திறந்து, `Plot` என்ற பகுதியின் கடைசி இரண்டு பத்திகளை மட்டும் முதலில் படியுங்கள். இந்தப் படத்துக்கு அப்படிப் படித்தால், வீட்டை விட்டு ஓடிவந்த தங்கை மகள், அவளை அழைத்துப்போகக் காரில் வரும் தங்கை, நினைவு மங்கிவிட்ட தந்தையைப் பற்றிய பேச்சு, தங்கை போனபின் ஹிராயமா அழுவது, பின்னர் புற்றுநோயோடு வாழும் ஒருவருடன் சந்திப்பு, கடைசியில் வேன் ஓட்டிக்கொண்டே சிரிப்பும் அழுகையுமாக மாறி மாறி ஓடும் அவர் முகம் எல்லாம் தெரிந்துவிடும். எதுவும் கொடூரமில்லை. ஆனால் தன் தந்தையோடோ உடன்பிறந்தவரோடோ மனத்தாங்கல் உள்ள ஒருவருக்கு அந்தக் கடைசிப் பகுதி நள்ளிரவு வரை யோசிக்க வைத்துவிடும்.

அதற்காகப் படத்தையே ஒதுக்க வேண்டியதில்லை. தங்கை மகள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்திருக்கும் காட்சி வரை ஓர் இரவும், மீதியை ஒரு விடுமுறைப் பகலிலும் பார்க்கலாம். பிறகு வேறோர் இரவில் முதல் பாதியை மட்டும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். இதைத் திரைப்பட ரசனைக்கு எதிரான குற்றமாகச் சிலர் கருதக்கூடும். தூங்கப் போகிறவருக்கு அந்தக் கவலை தேவையில்லை.

`Plot` பகுதியைப் படித்த பிறகும் சந்தேகமாக இருந்தால், ஐஎம்டிபி தளத்தில் `Parents Guide` என்ற பகுதியைப் பாருங்கள். குழந்தைகளுக்காக எழுதப்பட்டது என்றாலும், திடுக்கிட வைக்கும் காட்சிகள், விலங்குகளுக்கு நேரும் துன்பம், ரத்தம் ஆகியவற்றை அங்கே பலர் ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருப்பார்கள். வயதுச் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம், ஏனென்றால் அது வன்முறையையும் ஆபாசத்தையும் கெட்ட வார்த்தைகளையும் அளக்கும்; துயரத்தை அளக்காது. டேவிட் லின்ச்சின் "தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி" (1999) அமெரிக்காவில் எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற ஜி சான்றிதழ் பெற்ற படம். புல்வெட்டும் வண்டியிலேயே அயோவாவிலிருந்து விஸ்கான்சின் வரை ஒரு முதியவர் போகிறார், பாதையும் வயல்களும் மிக அழகு. ஆனால் அவர் போவது பக்கவாதம் வந்த, பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனைப் பார்க்க. அண்ணன் உயிரோடு இருக்கும்போதே போய்ச் சேருவாரா என்ற கேள்வி படம் முழுக்கக் கயிறு போல இழுத்துக்கொண்டிருக்கும், நடுவில் போர் நினைவுகளைச் சொல்லி இரண்டு முதியவர்கள் கலங்கும் காட்சி ஒன்றும் உண்டு. போய்ச் சேர்ந்துவிடுகிறார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும் என்பதால், உங்களைப் பொறுத்தவரை இது இரவுக்கு ஓரளவு பொருந்தும் படமாகிவிட்டது.

கதையே இல்லாத படங்களுக்குப் போய்விட்டால் இந்தத் தொல்லை எதுவும் இருக்காதே என்று தோன்றலாம். ஓரளவுக்கு உண்மைதான், ஆனால் அங்கே வேறு வகைக் கண்ணிகள் இருக்கின்றன. "கோயானிஸ்காட்சி" (1982) வசனமே இல்லாத படம் என்பதால் தியானப் பட்டியல்களில் தவறாமல் வரும். மேகங்களும் பாலை நிலமுமாக நிதானமாகத் தொடங்கும் அது, பிற்பாதியில் வேகமாக ஓட்டப்பட்ட நகரக் காட்சிகளும் அதற்கு ஈடாக விரையும் பிலிப் கிளாஸின் இசையுமாக மாறி, நெஞ்சுத் துடிப்பை ஏற்றிவிட்டுத்தான் விடும். "லெவையதன்" (2012) மீன்பிடிக் கப்பல் ஒன்றில் எடுத்த வசனமில்லாத ஆவணப்படம். இரும்பும் அலையும் மோதும் பேரோசையும் துடிக்கும் மீன்களும்தான் அதில் நிறைந்திருக்கும். அபிசாட்பொங் வீரசெத்தகுல் தூக்கத்தின் இயக்குநர் என்றே சொல்லத்தக்கவர், 2018 ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் பார்வையாளர்கள் படுத்துத் தூங்கிக்கொண்டே பார்க்கும் ஒரு திரையரங்க விடுதியையே அமைத்தவர். அவருடைய "மெமோரியா" (2021) படம் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணைத் திடுக்கிட்டு எழுப்பும் ஒரு பெரிய "டம்" என்ற ஓசையில்தான் தொடங்குகிறது. அது அவளை மட்டும் எழுப்பாது.

இந்த வகையில் நான் மனதார முன்வைப்பவை இரண்டு. ஒன்று, அப்பாஸ் கியாரொஸ்தமி 2003இல் எடுத்த "ஃபைவ்". ஓசுவுக்குக் காணிக்கையாக எடுக்கப்பட்ட இந்தப் படத்தில் ஐந்தே பகுதிகள். கடற்கரையில் அலை ஒரு மரத்துண்டை உருட்டி விளையாடுகிறது. கடலோர நடைபாதையில் மனிதர்கள் வருகிறார்கள், போகிறார்கள். தூரத்தில் நாய்கள் சில கரையில் படுத்திருக்க, படம் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே போகிறது. வாத்துகள் வரிசையாகத் திரையைக் கடந்துபோய், பிறகு அத்தனையும் திரும்பி வருகின்றன. இறுதியில் இரவில் ஒரு குளத்து நீரில் நிலா, தவளைகளின் கத்தல். பார்ப்பவர் தூங்கிவிட்டால் இயக்குநர் வருந்தமாட்டார். பார்வையாளரைத் தூங்கவிடும் படங்களின்மேல் தனக்கு மதிப்பு உண்டு என்று கியாரொஸ்தமி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஆனால் அந்தக் கடைசிப் பகுதியில் இடியும் மழையும் வந்து போகும், விடியலில் சேவல் கூவும். எனவே அதற்கு முன்பே நிறுத்திவிடுவதோ ஒலியைக் குறைத்துவைப்பதோ நல்லது. அதே இயக்குநரின் "24 ஃப்ரேம்ஸ்" (2017) பார்வைக்கு இன்னும் அமைதியாக, பனியும் பறவையும் மான்களுமாக இருக்கும்; சில பகுதிகளில் துப்பாக்கி வெடிக்கும், விலங்கு விழும். அதை இரவுப் பட்டியலில் வைக்காதீர்கள்.

இன்னொன்று பிலிப் கிரோனிங்கின் "இன்டு கிரேட் சைலன்ஸ்" (2005). பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் பேசாமை நோன்பில் வாழும் துறவிகளின் கிராந்த் ஷார்த்ரூஸ் மடத்தில் படமெடுக்க அவர் 1984இல் அனுமதி கேட்டார். பதினாறு ஆண்டுகள் கழித்து இப்போது வரலாம் என்று பதில் வந்தது. தனியாகவே போய், கூடுதல் விளக்கு எதுவும் இல்லாமல் எடுத்தார். பின்னணிக் குரலோ விளக்கமோ கிடையாது. துணி வெட்டுகிறார்கள், விறகு பிளக்கிறார்கள், பூனைகளுக்குச் சோறு வைக்கிறார்கள், இருட்டில் ஒரு சின்ன விளக்கின் கீழ் பாடுகிறார்கள். பருவங்கள் மாறி மீண்டும் பனிக்கு வந்து நிற்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் இதை யாரும் ஒரே இரவில் முடிக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் நிறுத்தினாலும் எதையும் இழந்துவிடமாட்டீர்கள். அப்படி நிறுத்த முடிவதே இரவுப் படத்துக்கு நான் வைக்கும் முதன்மையான தகுதி. நார்வேயின் என்ஆர்கே தொலைக்காட்சி 2009இல் பெர்கன், ஒஸ்லோ நகரங்களுக்கிடையே ஓடும் ரயிலின் முன்புறத்தில் கேமரா வைத்து எடுத்த ஏழு மணி நேர நிகழ்ச்சியும் அந்த வகையில் சேரும், ஆனால் சுரங்கப்பாதையின் இருட்டிலிருந்து வெண்பனிக்குள் ரயில் வெளியே வரும்போதெல்லாம் அறை திடீரென்று வெளுத்துவிடும் என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

இப்போது ஒலிக்கு வருகிறேன், ஏனென்றால் சரியான படத்தைத் தேர்ந்தெடுத்தும் தூக்கம் கெடுவதற்கு இதுவே பொதுவான காரணம். திரையரங்குக்காகக் கலக்கப்பட்ட ஒலியில் மிகச் சன்னமான சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் இடைவெளி அதிகம். அமைதியான படங்களில் இந்த இடைவெளி இன்னும் கூடுதலாகத் தெரியும். பத்து நிமிடம் காலடி ஓசையும் காகிதம் புரளும் ஓசையும் மட்டுமே கேட்டதும் நாம் ஒலியைக் கூட்டிவைத்துவிடுகிறோம், அடுத்த காட்சியில் மடத்தின் மணி நெற்றிப்பொட்டில் அடித்தது போல ஒலிக்கிறது. தூக்கத்தின் விளிம்பில் இருக்கும் ஒருவரைச் சட்டென்று விழிக்க வைக்க அது ஒன்றே போதும். எனவே ஒலியளவைச் சன்னமான காட்சியை வைத்து முடிவு செய்யாதீர்கள். படத்தைத் தொடங்கும் முன்பே மணியோ இடியோ ரயிலோ வரும் ஓர் இடத்துக்கு நகர்த்தி, அது உங்களைத் திடுக்கிட வைக்காத அளவுக்கு ஒலியைக் குறைத்துவிட்டுப் பிறகு முதலிலிருந்து போடுங்கள். பேச்சு சில இடங்களில் கேட்காமல் போகலாம், போகட்டும். பல தொலைக்காட்சிகளிலும் ஒலிப்பெட்டிகளிலும் `Night Mode` என்ற பெயரிலும், ஆப்பிள் டிவியில் `Reduce Loud Sounds` என்ற பெயரிலும் பெரிய ஓசைகளைத் தணித்துத் தரும் வசதி இருக்கிறது. அதை இயக்கிவைத்தால் இந்தச் சோதனையே பெரும்பாலும் தேவைப்படாது.

படம் முடிந்ததும் செயலி தானாக அடுத்த படத்தின் முன்னோட்டத்தைப் போட்டுவிடும் வழக்கத்தையும் அமைப்புகளுக்குள் போய் நிறுத்திவைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் வாத்துகளைப் பார்த்துக் கண்ணயர்ந்தவரை ஒரு கார் துரத்தல் எழுப்புவது அநியாயம். திரையின் வெளிச்சத்தைப் பொறுத்தவரை, அறை விளக்கை அணைத்தபின் வெள்ளைக் காட்சி ஒன்று கண்ணைக் கூசவைக்காத அளவுக்குக் குறைத்துக்கொண்டால் போதும். பனிப் படங்களுக்கு இது கட்டாயம். படுக்கையில் படுத்துக்கொண்டு பார்ப்பதைவிட நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கண் சொக்கும்போது எழுந்து போய்ப் படுப்பது நல்லது, குறிப்பாகப் படுக்கையில் விழித்துக் கிடக்கும் பழக்கம் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு. வாரக்கணக்கில் தூக்கம் வராமல் தவிப்பவருக்குப் படம் மருந்தாகாது. அவர் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

வசனத்தை வரிகளாகப் படிக்க வேண்டிய படங்களைப் பற்றியும் ஒரு சொல். அடர்த்தியாகப் பேசும் படமாக இருந்தால் அந்த வரிகளைத் துரத்துவதிலேயே கண் களைத்து, மூளை விழித்துவிடும். "குட் மார்னிங்" போன்ற படத்தை முதல் தடவை மாலையில் முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டு, இரவில் இரண்டாம் தடவை பார்க்கும்போது வரிகளை அணைத்துவிடலாம். யார் என்ன பேசுகிறார்கள் என்பது ஏற்கெனவே தெரியும் என்பதால், புரியாத மொழி வெறும் ஓசையாக நின்றுவிடும்.

ஒரு வாரத்துக்கு ஒரே படத்தை வைத்துக்கொள்ள நினைத்தால் "பாட்டர்சன்" அதற்குத் தானாகவே பகுத்துத் தரப்பட்டிருக்கிறது. 118 நிமிடம், ஒரு வாரம். ஒவ்வொரு நாளும் தம்பதி உறங்கும் படுக்கையை மேலிருந்து காட்டும் ஷாட்டோடு தொடங்குவதால், எங்கே நிறுத்துவது என்று தேட வேண்டியதே இல்லை. முதல் இரவு திங்களும் செவ்வாயும், அடுத்த இரவு புதனும் வியாழனும் என்று பார்க்கலாம். துப்பாக்கியும் பேருந்துப் பழுதும் வெள்ளியன்று வருகின்றன, நாய் செய்யும் வேலை சனிக்கிழமை இரவு. ஆகவே வெள்ளியோடு நிறுத்திவிட்டு, சனியையும் ஞாயிறையும் கட்டாயம் ஒரே இரவில் சேர்த்துப் பாருங்கள். சனியோடு நிறுத்திவிட்டுப் படுத்தால் கிழிந்த அந்தக் குறிப்பேடுதான் கண்ணுக்குள் நிற்கும்.

எந்தப் படமானாலும், மறுநாள் பகலில் அதன் மீதிக் கதையைப் பற்றிய ஆவல் உங்களுக்கு எழுகிறதா என்று கவனியுங்கள். எழுந்தால் அது நல்ல படம்தான், ஆனால் உங்களைப் பொறுத்தவரை இரவுப் படம் அல்ல. மீதியை அன்று மாலையிலேயே பார்த்து முடித்துவிட்டு, இரவுக்கு வேறு எதையாவது போட்டுக்கொள்ளுங்கள்.